பிடிக்கும் எல்லை வேறு, தாங்கும் எல்லை வேறு

*அண்ணா, பெங்களூரில் கம்யூனிகேஷன் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எஸ்.பி. ரோட்டில் 4046 ஐசி வாங்கி, இன்புட் அலையின் அதிர்வெண்ணைப் பின்தொடரும் பி.எல்.எல். கட்டினேன். 5 வோல்ட் சப்ளை, எக்ஸ்ஆர் டிடெக்டர், ஃபில்டர் 16 கிலோ ஓம், 0.1 மைக்ரோஃபாரட். வோல்ட்டுக்கு ஏற்ப அதிர்வெண் மாறும் விசிஓ 2.5 வோல்ட்டில் 10 கிலோஹெர்ட்ஸ், வோல்ட்டுக்கு 2 கிலோஹெர்ட்ஸ் நகர்கிறது. 10-இல் லாக் ஆனபின் மெதுவாக ஏற்றினால் 14 வரை கூடவே வருகிறது. இன்புட்டைக் கழற்றிவிட்டு நேராக 11 கொடுத்தால் பிடிப்பதில்லை. ஏன்?*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் சர்க்யூட்டில் தப்பு எதுவும் இல்லை. முதலில் லாக் ஆன நிலையைப் பார்ப்போம். எக்ஸ்ஆர் டிடெக்டர் இரண்டு அலைகளின் ஃபேஸ் வித்தியாசத்தை வோல்ட்டாக்கித் தருகிறது: சராசரியாக 0 டிகிரிக்கு 0 வோல்ட், 90-க்கு 2.5, 180-க்கு 5. இன்புட் 11-க்கு ஏறினால் விசிஓவுக்கு 3 வோல்ட் வேண்டும். அதைத் தருவதற்காக ஃபேஸ் வித்தியாசம் 108 டிகிரிக்கு நகர்ந்து அங்கேயே நிற்கும். அதிர்வெண் சமமாகிவிட்டாலும் இந்த வித்தியாசம் மிச்சமிருக்கும். விசிஓவை இழுத்துப் பிடித்திருப்பதே அதுதான். 14-க்கு 162 டிகிரி, 15-இல் 180-ஐத் தொட்டுவிடும். அத்தோடு லாக் ரேஞ்ச், அதாவது தாங்கும் எல்லை, முடிந்தது. மெதுவாக ஏற்றும்போது ஃபில்டருக்குள் போவது கிட்டத்தட்ட டிசி என்பதால் அது எதையும் தடுப்பதில்லை.

லாக் இல்லாதபோது நிலைமை வேறு. 11-க்கும் 10-க்கும் உள்ள 1 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம், டிடெக்டரின் வெளியீட்டில் 2.5 வோல்ட்டுக்கு மேலும் கீழும் 2.5 வோல்ட் ஆடும் முக்கோண பீட்டாக வருகிறது. உங்கள் ஃபில்டரின் கட்-ஆஃப் ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸ். அதைத் தாண்டி வரும்போது பீட் பத்தில் ஒரு பங்காகி 0.25 வோல்ட்தான் மிஞ்சும். அதை வைத்து விசிஓ 10.5 வரைதான் எட்டும். 11-ஐத் தொடாமலே திரும்பிவிடும்.

இப்போது 10.5 கொடுத்துப் பாருங்கள். பீட் 500 ஹெர்ட்ஸ், ஃபில்டர் வழியாக 0.5 வோல்ட் வரும், விசிஓ 11 வரை போகப் பார்க்கும். போகும் வழியில் 10.5-ஐ நெருங்கும்போது பீட் மெதுவாகி, டிசி போல ஃபில்டரைக் கடந்து, விசிஓ அங்கேயே பிடித்துக்கொள்ளும். அப்படியானால் எல்லை எங்கே? விசிஓவின் ஆட்டமும் வித்தியாசமும் சமமாகும் இடத்தில். 2.5 வோல்ட் முழுதும் வந்தால் விசிஓ ஆடுவது 5000 ஹெர்ட்ஸ், ஃபில்டரின் கட்-ஆஃப் 100 ஹெர்ட்ஸ்:

```
Δf = √(5000 × 100) ≈ 707 Hz
```

இது தோராயக் கணக்குதான், ஆனாலும் உங்கள் கேப்சர் ரேஞ்ச், அதாவது பிடிக்கும் எல்லை, இதன் பக்கத்தில்தான் இருக்கும்.

கபாசிட்டரை 0.022 ஆக்கினால் கட்-ஆஃப் 450 ஹெர்ட்ஸுக்கு ஏறி 11-ஐப் பிடித்துவிடும். அதற்கு விலை உண்டு: எக்ஸ்ஆர் வெளியீட்டில் இன்புட்டைப் போல இருமடங்கில், அதாவது 22 கிலோஹெர்ட்ஸில், இருக்கும் சிற்றலை இன்னும் அதிகமாகக் கசிந்து விசிஓவை நடுங்க வைக்கும். அதனால் தேவைக்கு மேல் குறைக்க வேண்டாம்.

ஸ்கோப்பை இன்புட்டில் டிரிகர் செய்து, ஐசியின் 9-ஆம் காலில் விசிஓவுக்குப் போகும் வோல்ட்டையும் பாருங்கள். லாக் ஆகாதபோது அங்கே பீட் ஆடும். எல்லையை நெருங்க நெருங்க அதன் ஒரு பக்கம் நீண்டு சாயும். லாக் விழுந்ததும் அது மெல்லிய சிற்றலையோடு நேர்கோடாகும், விசிஓ அலையும் ஓடாமல் நிற்கும்.