சொற்கள் குறைவு, ஆனாலும் மூச்சு வாங்குகிறது

கேள்வி: ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில் பாட்டியின் ஆரஞ்சுகள் உருண்டோடுவதை 24 பக்கப் படக்கதையாக எழுதியிருக்கிறேன். 150 சொற்களுக்குள் அடக்கிவிட்டேன். ஆனால் வகுப்பில் உரக்க வாசித்தால் நாக்கு தடுமாறுகிறது, பிள்ளைகள் நெளிகிறார்கள். ஒரு பக்கம் இப்படி: “பஸ் வளைவில் திரும்பியபோது பாட்டியின் மடியிலிருந்த மஞ்சள் பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழம் கீழே விழுந்து உருண்டோடிக்கொண்டிருந்தது.” எதை மாற்றுவது?
– ஓர் ஆசிரியை, அஸ்தம்பட்டி

பதில்: சொல் எண்ணிக்கையைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள். தமிழில் அது ஏமாற்றும். “உருண்டோடிக்கொண்டிருந்தது” கணக்கில் ஒரே சொல். வாயில் அது ஒரு வாக்கியம். புள்ளியெழுத்துகளை விட்டுவிட்டு மற்ற எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு சொல்லில் 9 ஒலிகள். 13 சொற்கள் கொண்ட உங்கள் பக்கத்தில் மொத்தம் 46 ஒலிகள், நடுவில் மூச்சுவிட ஓர் இடம்கூட இல்லை. பிள்ளைகள் நெளிவது அங்கேதான். “பஸ்” என்று தொடங்கிய வாக்கியத்தில் என்ன நடந்தது என்று தெரிய, அவர்கள் கடைசிச் சொல் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

முதலில், படம் சொல்லப்போவதை எடுத்துவிடுவோம். பை மஞ்சள் என்பதும், பாட்டி மடியில் இருப்பதும், பழம் கீழே விழுவதும் ஓவியருக்கான குறிப்புகள். அவற்றைத் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள். ஆரஞ்சு என்றாலே பழம்தான். படத்தால் சொல்ல முடியாதவை ஒலியும் வரிசையும்: எது முதலில் நடந்தது, அதன்பின் எது. அதை மட்டும் எழுதினால்:

பஸ் வளைந்தது.
பை சாய்ந்தது.
ஓர் ஆரஞ்சு உருண்டு... உருண்டு...

(பக்கம் திருப்பினால்)

கண்டக்டர் காலில் நின்றது!

இதில் 11 சொற்கள். உங்களுடையதைவிட இரண்டுதான் குறைவு. ஆனால் 46 ஒலிகள் 27 ஆகிவிட்டன. எந்த இடத்திலும் 8 ஒலிகளுக்குமேல் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியதில்லை. “வளைந்தது பஸ்” என்றும் எழுதிப் பார்த்தேன். முடிவில் வரும் “ஸ்” சீறி அடங்கிவிடுகிறது, அடுத்த வரிக்குத் தள்ளிவிடுவதில்லை. பஸ், பை என்று மோனை வரியின் தலையில் விழும்போதுதான் வாய் தாளம் பிடிக்கிறது.

இரண்டாவது “உருண்டு” வீண் என்று தோன்றினால் தயவுசெய்து வெட்டாதீர்கள். இந்தப் பக்கத்தின் உயிரே அதுதான். “உருண்டது” என்றால் கதை அங்கேயே முடிந்துவிடும். “உருண்டு” என்பது வினையெச்சம். முடிக்க இன்னொரு வினை வேண்டும். கேட்கிற குழந்தைக்கு இலக்கணம் தெரியாவிட்டாலும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று காது சொல்லிவிடும். கை தானாகப் பக்கத்தைத் திருப்பப் போகும். தமிழ்ப் படக்கதைக்கு இதைவிடப் பெரிய வசதி எனக்குத் தெரிந்து இல்லை. பலர் இதைப் பக்கத்தின் நடுவிலேயே செலவழித்துவிடுகிறார்கள்.

அதனால் எச்சம் எந்தப் பக்கத்தில் தொங்குகிறது என்பதைக் கவனியுங்கள். முதல் பக்கம் வலப்புறம் வருவதால் ஒற்றைப்படை எண் பக்கங்கள் எல்லாம் வலப்புறம்தான். “உருண்டு...” ஒற்றைப்படைப் பக்கத்தின் கடைசி வரியாக இருக்க வேண்டும். இடப்புறம் விழுந்தால், விடை எதிர்ப்பக்கப் படத்திலேயே தெரிந்துவிடும்.

ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன என்று அத்தனையையும் கதைக்குள் கொண்டுவர வேண்டாம். நான்கு போதும். முதல் மூன்றிலும் “பஸ் வளைந்தது. பை சாய்ந்தது.” ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. இரண்டாவது முறையே சில பிள்ளைகள் உங்களோடு சொல்லத் தொடங்குவார்கள். “பஸ் திரும்பியது” என்று அழகுக்காக மாற்றினால் அவர்கள் வாய் அடைத்துவிடும். நான்காவதில் “பஸ் வளைந்தது. பை...” என்று நிறுத்துங்கள். வகுப்பே “சாய்ந்தது!” என்று கத்தும். திருப்பினால் “காலி!” என்று ஒரே சொல். மூன்று முறை பழக்கியதற்கான பலன் அங்கே கிடைக்கும்.

திருத்தியபின் ஆறு ஏ4 தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து மடியுங்கள். 24 பக்கம் கிடைக்கும். வரிகளை அந்தந்தப் பக்கத்தில் எழுதி, கதையை முன்பு பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நீங்களே வாசித்தால் கரடுமுரடான வரியையும் உங்கள் குரல் பூசி மெழுகிவிடும். அவர் எங்கே நின்று திரும்பப் படிக்கிறார், எங்கே நீங்கள் நினைக்காத இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்று பென்சிலால் குறியுங்கள். ஒரே வரியில் இரண்டு பேர் தடுக்கினால் வரியைத்தான் மாற்ற வேண்டும். பெரும்பாலும் அங்கே ஒரு “கொண்டிருந்தது” அல்லது “இலிருந்து” ஒளிந்திருக்கும்.