கடையை விட்டுப் போகும் மேனேஜர் எதை எழுதி வைக்க வேண்டும்?

"வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு மளிகைக் கடையில் ரொம்ப வருஷமா மேனேஜரா இருக்கேன். ஜூன் கடைசியில் நின்னுக்கிறேன். எனக்குப் பதிலா முதலாளியோட அக்கா பையன் உட்காரப் போறார், கடைத் தொழிலுக்கே புதுசு. 'தினசரி வேலை, போன் நம்பர், பாக்கி நிக்கிறது, ஜாக்கிரதையா இருக்க வேண்டியதுன்னு நாலா பிரிச்சு எழுதிக் குடு'ன்னு முதலாளி சொல்லிட்டார். நாலு தலைப்பு போட்டுட்டேன். அதுக்கு மேல பேனா ஓடலை. எவ்வளவு விவரமா எழுதணும்?"
– வாசகர், வேலூர்

மூன்றாவது தலைப்பிலிருந்து தொடங்குங்கள். காலையில் கடை திறந்து வைப்பதைப் பழைய ஆட்கள் யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். சப்ளையர் நம்பரை பில் கட்டைப் புரட்டினால் எடுத்துவிடலாம். ஆனால் யாரிடம் எவ்வளவு வரவேண்டும், எந்த சேல்ஸ்மேன் எதை அடுத்த பில்லில் கழித்துத் தருவதாக வாய்வார்த்தையில் சொன்னார் என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் போனதும் அந்தப் பணமும் போய்விடும். எவ்வளவு விவரம் வேண்டும் என்பதற்கும் இதுவே அளவு: கடையில் வேறு யாருக்கும் தெரியாததை நிறைய எழுதுங்கள், எல்லோருக்கும் தெரிந்ததை ஒரு வரியில் முடியுங்கள்.

பாக்கியில் கடன் நோட்டுதான் முதலில். பெரும்பாலும் இப்படித்தான் எழுதி வைப்பார்கள்: "மெஸ் பாக்கி 28,000 சொச்சம். கேட்டா குடுப்பார்." புதுப் பையன் நோட்டைப் பார்த்து 28,450 கேட்பார். மெஸ்காரர் 26,300தான் என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் சண்டை வரும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஆஸ்பத்திரி பக்கத்து மெஸ். மே 31 வரை பாக்கி 31,600. ஜூன் 5 ஜீபேயில் வரவு 10,000. அதற்கப்புறம் இரண்டு பில் சேர்த்து 6,850. ஆக ஜூன் 14 அன்று நோட்டுப்படி 28,450. இதில் ஒழுகிய எண்ணெய் டின் ஒன்றுக்கு 2,150 கழிக்கணும். டின் திரும்பி வந்து குடோனில் இருக்கு, முதலாளிக்குத் தெரியும். வரவேண்டியது 26,300. ஜூன் 20 தேதி போட்டு 15,000க்கு செக் கொடுத்திருக்கார், கல்லா உள்ளறையில் இருக்கு. மீதி 11,300 ஜூலையில் தருவார். மாதம் பிறந்து முதல் ஐந்து நாள் கேட்க வேண்டாம், வாடகை கட்டுகிற நேரம். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் நேரில் போனால் நின்று பேசுவார்."

எப்படி வந்த தொகை, எதில் தகராறு, என்ன கையில் இருக்கிறது, எப்போது எப்படிக் கேட்பது என்று நான்கும் இதில் வந்துவிட்டன. பெரிய பாக்கிகளுக்கு மட்டும் இவ்வளவு எழுதினால் போதும். இருநூறு முந்நூறு ரூபாய் கணக்குகளுக்கு நோட்டுப் பக்க எண்ணைக் குறித்தால் சரி.

கல்லாவில் கிடக்கும் செக்குகளைத் தனியாக ஒரு தாளில் எழுதுங்கள். செக்கில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் பேங்கில் போட்டாக வேண்டும், தாண்டினால் அது வெறும் காகிதம். போட்டுத் திரும்பி வந்தால், திரும்பிய தகவல் பேங்கிலிருந்து வந்த நாள் முதல் 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கடைக்குப் புதிதாக வருகிறவர், திரும்பிய செக்கை "அப்புறம் பார்க்கலாம்" என்று அதே பெட்டியில் போட்டுவிடுவார். அதனால் ஒவ்வொரு செக்குக்கு நேராகவும் "இந்தத் தேதிக்குள் போடணும்" என்று எழுதிவிடுங்கள்.

இன்னொன்று உங்கள் பாதுகாப்புக்காகவும். நீங்கள் நின்றுவிட்ட செய்தி பரவியதும், "உங்க மேனேஜர் கையில அப்பவே குடுத்துட்டேனே" என்று சொல்ல யாராவது ஒருவர் இருப்பார். ஆகவே கடைசி இரண்டு வாரத்தில் புதியவரையும் கூட்டிக்கொண்டு பெரிய பாக்கிக்காரர்களை நேரில் பாருங்கள். "இன்ன தேதிக்கு இவ்வளவு பாக்கி" என்று நோட்டிலேயே எழுதி அவர்கள் கையெழுத்தை வாங்குங்கள். மளிகைக் கடன் மாதிரி பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு. அந்தக் கெடு முடிவதற்குள் கடன்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து கெடு புதிதாக ஓடும். கோர்ட்டுக்கு யாரும் போகப்போவதில்லைதான். ஆனால் கையெழுத்து இருந்தால் பேச்சு வளராது.

கடை தர வேண்டியதும் பாக்கிதான், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆவணிக் கல்யாணத்துக்கு இப்போதே யாராவது முன்பணம் கொடுத்திருப்பார்கள். எவ்வளவு வாங்கினீர்கள் என்பதோடு, எந்த விலைக்கு ஒப்புக்கொண்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். எண்ணெய்க்கும் துவரம்பருப்புக்கும் அன்றைய விலை என்று சொன்னீர்களா, இன்றைய விலைக்கே தருவதாகச் சொன்னீர்களா? இந்த ஒரு வரி இல்லாமல் போனால் ஆவணியில் ஒன்று கடைக்கு நஷ்டம், இல்லை வாடிக்கையாளர் கைவிட்டுப் போவார்.

தேதி முடிந்து எடுத்து வைத்திருக்கும் பிஸ்கட், மசாலா பாக்கெட்டுகளும் இதே கணக்கில் வரும். சாக்கில் கட்டி மூலையில் வைத்திருப்பீர்கள். என்ன சரக்கு, எத்தனை, எந்த ஏஜென்சி, சேல்ஸ்மேன் பார்த்துக் குறித்துக்கொண்டு போனாரா, கிரெடிட் நோட் வந்ததா, எந்த பில்லில் கழிந்தது என்று எழுதி, அதன் நகலை அந்தச் சாக்கின் மேலேயே ஒட்டிவிடுங்கள். ஒட்டாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? புதியவர் இடத்தை அடைக்கிறதே என்று குப்பையில் போடுவார், இல்லாவிட்டால் ஆள் யாராவது பிரித்து மறுபடி ரேக்கில் அடுக்குவார். இரண்டாவது இன்னும் மோசம்.

போன் நம்பர் பகுதியில் பெயரும் எண்ணும் மட்டும் இருந்தால் பயன் குறைவு. எதற்காக, எந்த நேரத்தில் கூப்பிட வேண்டும் என்பதைச் சேருங்கள். "ஆரணி அரிசி ஆலை: ஆர்டருக்குக் காலை பத்துக்குள். மூட்டையில் எடை குறைந்தால் லாரி நிற்கும்போதே பேசணும், மறுநாள் பேசினால் எடுபடாது" என்பது மாதிரி.

அதைவிட முக்கியம், உங்கள் சொந்த செல் நம்பரில் தொங்கிக்கொண்டிருக்கும் கடை விவகாரங்கள். பல வருஷம் மேனேஜராக இருந்தவர் நம்பர் எங்கெல்லாம் இருக்கும் என்று உட்கார்ந்து யோசியுங்கள்: கல்லாவில் ஒட்டிய கியூஆர், பேங்க் எஸ்எம்எஸ், கரண்ட் பில், ஏஜென்சிகளின் ஆர்டர் ஆப், ஆஸ்பத்திரி பக்க லாட்ஜ்கள் லிஸ்ட் அனுப்பும் வாட்ஸ்அப். ஜிஎஸ்டி கணக்கிலும் உங்கள் நம்பரே இருந்தால் ஓடிபி உங்களுக்குத்தான் வரும். மாதாமாதம் தாக்கல் செய்கிற கடை என்றால் GSTR-1க்கு 11-ம் தேதி, GSTR-3Bக்கு 20-ம் தேதி கெடு. 20-ம் தேதி ராத்திரி ஆடிட்டர் உங்களைத் தேடக் கூடாது. முதலாளி பெயரில் நுழைந்து Services > Registration > Amendment of Registration Non-Core Fields வழியாக நம்பரை மாற்றலாம். ஆடிட்டரை வைத்து ஜூன் நடுவிலேயே முடித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வருகிறவர்களுக்குப் புது நம்பரை நீங்களே அனுப்புங்கள். பழகிய ஆளிடமிருந்து போனால்தான் நம்புவார்கள்.

தினசரி வேலையைக் கடிகாரப்படி ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். ஷட்டர் திறப்பது, கல்லாவில் ஆரம்பச் சில்லறை எண்ணுவது, பால் வண்டி, தயிர் வண்டி எல்லாம் ஒரு வரி போதும். உங்கள் கண்ணுக்கு மட்டும் படுகிற வேலைகளுக்குத்தான் இடம் கொடுக்க வேண்டும். காலையில் கியூஆர் ஸ்டிக்கர் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்து, ஒரு ரூபாய் அனுப்பிக் கடை பெயர்தான் வருகிறதா என்று பார்ப்பீர்களே, அது ஒன்று. வெயில் ஏறும் முன் வெல்லத்தையும் சாக்லேட்டையும் முன் ரேக்கிலிருந்து உள்ளே தள்ளி வைப்பது இன்னொன்று. வேலூர் வெயிலைப் புதியவருக்குச் சொல்ல வேண்டியதில்லை, எந்த ரேக்கில் மத்தியான வெயில் நேராக விழுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை வருகிற வேலையையும் இதன் அடியில் எழுதிவிடுங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை புதுப்பிக்க வேண்டும், எந்த மாதம் என்பது அந்தச் சான்றிதழில் இருக்கும்.

ஜாக்கிரதைப் பகுதியில்தான் பேனா தடம் மாறும். "அந்தப் பையனை நம்பாதே", "அந்த ஏஜென்சிக்காரன் திருடன்" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். இந்தத் தாள் கல்லாவில் கிடக்கும், சம்பந்தப்பட்டவரே ஒருநாள் படிப்பார். நடந்ததையும் செய்ய வேண்டியதையும் மட்டும் எழுதுங்கள்: "சர்க்கரை மூட்டை இறங்கும்போது ஒவ்வொன்றையும் தராசில் வைத்துத்தான் கையெழுத்துப் போடணும். ஏப்ரலில் இரண்டு மூட்டை குறைந்தது." ஆளைப் பற்றி நிஜமாகவே சொல்ல வேண்டியிருந்தால் முதலாளியிடம் தனியாக, வாயால் சொல்லுங்கள்.

மற்றபடி இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். குடோனில் வடக்குச் சுவர் ஓரம் ஷீட் ஒழுகுமானால், "சாயங்கால இடிமழைக்கு முன் அங்கே பருப்பு மூட்டை இருக்கக் கூடாது" என்று எழுதி, அந்தச் சுவரிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். கூட்ட நேரத்தில் போன் திரையைக் காட்டி "அனுப்பிட்டேன்" என்பவர்களுக்கு ஒரே விதி: சவுண்ட் பாக்ஸ் சொல்லும்வரை சரக்கு கை மாறாது. மற்றவர்கள் சத்தத்தில் பெட்டி கேட்காமல் போனால், கடை போனில் வரவு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வாடிக்கையாளர் போனில் பார்க்கக் கூடாது.

பாஸ்வேர்ட், லாக்கர் எண், எதையும் இந்தத் தாளில் எழுத வேண்டாம். முதலாளியிடம் கையில் கொடுத்து, அன்றே மாற்றச் சொல்லுங்கள்.

எழுதி முடித்ததும் நீங்கள் வாயைத் திறக்காமல் புதியவரை இரண்டு நாள் இந்தத் தாளை வைத்தே கடை நடத்தச் சொல்லுங்கள். எங்கே திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அங்கே ஒரு வரி விட்டுப் போயிருக்கிறது. அதைச் சேருங்கள். கடைசி நாள் சாயங்காலம் கல்லாப் பணம், செக்குகள், சாவிக் கொத்து, கடன் நோட்டின் மொத்தத் தொகை ஆகியவற்றை மூன்று பேரும் சேர்ந்து எண்ணி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு இரண்டு நகல் எடுங்கள். ஒன்று கடைக்கு, ஒன்று உங்களுக்கு.