அன்டிபயோட்டிக்கும் புரோபயோட்டிக்கும்: எத்தனை மணி இடைவெளி?

“அம்மாவுக்கு கோ-அமொக்சிக்ளாவ், காலை 6, மாலை 6. வயிறு கழியுது. ஹட்டன் பார்மசியில புரோபயோட்டிக் கெப்சூல் தந்தாங்க. ரெண்டையும் ஒன்னா குடுக்கலாமா?”

கோ-அமொக்சிக்ளாவ் அன்டிபயோட்டிக், புரோபயோட்டிக்னா குடலுக்கு நல்லது செய்யுற உயிருள்ள கிருமி. ஒன்னா வேண்டாம், 2 மணி நேரமாவது விடுங்க. அம்மாவுக்கு காலை 9, இரவு 9 சரியா வரும்.

முதல்ல பெட்டியில பேரைப் பாருங்க. லக்டோபசிலஸ்னு இருந்தா அது பக்டீரியா, அன்டிபயோட்டிக் அதையும் கொல்லும், அதுக்குத்தான் இடைவெளி. சக்கரோமைசஸ் புலார்டின்னா ஈஸ்ட், அன்டிபயோட்டிக் அதைத் தொடாது. ஆனா கெப்சூலைப் பிரிச்சு சுடுதேத்தண்ணியில கலந்தா ஈஸ்ட் செத்துடும். ஆறின தண்ணியில குடுங்க.

கழிச்சலுக்கு கோ-அமொக்சிக்ளாவ்ல உள்ள கிளவுலனிக் அமிலமே காரணமா இருக்கலாம். காலையில வெறும் பிளேன்டீயோட போடுறாங்களா? ரொட்டி ரெண்டு வாய் சாப்பிட்ட உடனே போடச் சொல்லிப் பாருங்க.

புரோபயோட்டிக்கால பலன் உண்டா? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தா கழிச்சல் குறையுது. ஆனா 2013இல் வெளியான பெரிய பிரித்தானிய ஆய்வுல, ஆஸ்பத்திரியில இருந்த கிட்டத்தட்ட 3000 முதியவங்ககிட்ட பலன் தெரியல. அதனால கட்டாயம்னு சொல்ல மாட்டேன்.

கீமோ எடுக்கிறவங்க, நோய் எதிர்ப்பைக் குறைக்கிற மருந்து குடிக்கிறவங்க, கழுத்து ரத்தநாளத்துல குழாய் போட்டிருக்கிறவங்க, குறைமாதக் குழந்தைகள்: இவங்களுக்கு டாக்டர் சொல்லாம குடுக்கவே கூடாது. கிருமி ரத்தத்துல கலந்துடலாம்.

மலத்துல ரத்தம், காய்ச்சல், கடும் வயிற்றுவலி வந்தா கழிச்சலை நிறுத்துற மாத்திரை குடுக்காம அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.