ஸ்கான் செய்த பில்லின் நிரைகளைக் கூட்டினால் மொத்தம் ஒத்து வரவில்லை, விட்டுவிடலாமா?

"உப்புவெளியில் ஒரு ஹோட்டலுக்குக் கணக்கு எழுதுகிறேன். கொழும்பிலிருந்து வரும் பில்களை ஸ்கான் பண்ணி எக்செலில் எடுக்கிறேன். கூட்டினால் சில பில்களில் மொத்தம் இடிக்கிறது. சின்ன வித்தியாசம் என்றால் விட்டுவிடலாமா?"

சதக் கணக்கு என்றால் விடலாம். ரூபாய்க் கணக்கு என்றால் விடக்கூடாது, எங்கே பிழை என்று பார்க்க வேண்டும். கடைசி மொத்தத்தை மட்டும் வைத்துத் தேடினால் பிழை கிடைக்காது என்பதால்தான் பலர் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். முதலில் ஒவ்வொரு நிரையையும் தனியாகச் சரிபாருங்கள், பிறகு உப மொத்தம், அதன் பிறகுதான் வற்.

பெயின்ட், பிரஷ் வாங்கிய ஒரு பில்லை எடுப்போம். தாளில் இருப்பது இது: பெயின்ட் வாளி 12, ஒன்று 8,450, தொகை 101,400. பிரஷ் 24, ஒன்று 385, தொகை 9,240. பிவிசி குழாய் 30, ஒன்று 1,260, தொகை 37,800. தின்னர் 10, ஒன்று 1,975, தொகை 19,750. கடைசி நிரையில் திருப்பி அனுப்பிய பொருளுக்கு அடைப்புக்குறிக்குள் (4,200). உப மொத்தம் 163,990. வற் 18% 29,518.20. ஆக மொத்தம் 193,508.20.

எக்செலுக்கு வந்த நிரைகளைக் கூட்டினால் 170,590 வருகிறது. 6,600 கூட. பில்லில் 6,600 என்று எந்த நிரையும் இல்லை, அதன் பாதியும் இல்லை. இந்த எண்ணை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் இரண்டு பிழைகள் ஒன்றுக்கொன்று கழிபட்டு மிஞ்சியது அது. எனவே B இல் எண்ணிக்கை, C இல் விலை, D இல் கழிவு, E இல் தொகை என்று வைத்து, F இல் இதைப் போடுங்கள்:

```
=ROUND(B2*C2-D2,2)-E2
```

எண்ணிக்கையும் விலையும் உள்ள நான்கு நிரைகளில் தின்னர் நிரையில் மட்டும் 1,800 நிற்கும். 19,750 என்பதை மென்பொருள் 17,950 என்று வாசித்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9 ஆல் மீதமின்றி வகுபடும். 1,800 வகுபடுகிறது. தாளைப் பார்த்துத் திருத்திவிட்டு, தாளில் உள்ள உப மொத்தத்தை H1 இல் வைத்து, மறுபடி அதோடு ஒப்பிடுங்கள்:

```
=ROUND(SUM(E2:E6)-H1,2)
```

இப்போது 8,400. இதன் பாதி 4,200. கழிக்க வேண்டிய நிரை கூட்டப்பட்டிருந்தால் வித்தியாசம் அந்தத் தொகையின் இரு மடங்காகத்தான் வரும். அடைப்புக்குறியை மென்பொருள் தவறவிட்டிருக்கிறது. அந்த நிரையில் எண்ணிக்கையும் விலையும் இல்லாததால் F சூத்திரம் அதற்குப் பொருந்தாது. உப மொத்தம்தான் அதைப் பிடிக்கும். இரண்டு சோதனையும் வேண்டும் என்பது இதனால்தான்.

வித்தியாசம் ஒரு நிரையின் தொகைக்குச் சமமாக இருந்தால் அந்த நிரை விடுபட்டிருக்கும் அல்லது இருமுறை வந்திருக்கும். இரண்டு பக்கப் பில்லில், இரண்டாம் பக்கத்தின் தலையில் இருக்கும் "முன்கொண்டுவந்த தொகை" ஒரு பொருளாக உள்ளே வந்துவிட்டால், வித்தியாசம் முதல் பக்கத்துக் கூட்டுத்தொகையாக இருக்கும்.

ஐம்பது சதத்துக்கு இவ்வளவு பாடா என்று யாராவது கேட்பீர்கள். சதத்தைத் தேடச் சொல்லவில்லை. வற்றை நிரை நிரையாகக் கணித்துச் சதத்துக்கு முழுமையாக்கும் கடைகளில், நிரைக்கு அரைச் சதம் வரை விலகலாம். ஐந்து நிரைக்கு இரண்டரைச் சதம். அந்த அளவை விடுங்கள். "ஒரு வீதம் வரை பரவாயில்லை" என்று வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். இந்தப் பில்லில் ஒரு வீதம் 1,639.90, நாலு பிரஷ்ஷின் விலை மறைய அது போதும்.

E இல் தாளில் அச்சிட்ட தொகைதான் இருக்க வேண்டும். வேலை சுலபம் என்று அங்கே `=B2*C2-D2` போட்டு வைப்பதை நிறையக் கணக்குகளில் பார்க்கலாம். அப்படிச் செய்தால் F எப்போதும் பூச்சியமாகத்தான் இருக்கும், நிரைச் சோதனையே இல்லாமல் போய்விடும். மொத்தத்தை ஒப்பேற்ற "சீராக்கம்" என்று ஒரு நிரை சேர்ப்பதும் அதே தவறு.

எல்லாம் ஒத்து வந்தாலும் பொருளின் பெயர் சரியா என்று இந்தச் சோதனை சொல்லாது. எண்ணிக்கையும் விலையும் இடம் மாறினாலும் பெருக்குத்தொகை ஒன்றுதான், ஆகவே 8,450 வாளி என்று வந்தால் அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

இன்னொன்று, சில கடைகள் மூன்றாவது காபன் பிரதியைப் படம் பிடித்து, வலது ஓரம் வெட்டுப்பட வாட்சப்பில் அனுப்புகிறார்கள். தொகை நிரலே இல்லாத அந்தப் படத்தில் சரிபார்க்க எதுவும் இல்லை. முழுத் தாளும் தெரியும்படி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

தாளிலேயே கூட்டல் பிழை என்றால் நீங்கள் திருத்த வேண்டாம். அச்சிட்டபடியே பதிந்து, பணம் கொடுப்பதை நிறுத்தி வைத்து, திருத்திய வரி இன்வாய்ஸைக் கடையிடம் கேட்டு வாங்குங்கள். உள்ளீட்டு வற்றைக் கோரும்போது நீங்கள் காட்ட வேண்டியது அந்தத் தாளைத்தான்.