நாலாவது ஆள் சரி, ஐந்தாவது ஆளுக்கு முன் இரண்டாவது தோசைக்கல்

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் மாலை நேர டிபன் கடை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் தோசைதான். சமையல்கட்டில் நான் மட்டும் நின்றபோது ஏழு மணியிலிருந்து பத்து மணிக்குள் 60 பிளேட் போகும். ஒரு மாஸ்டரைப் போட்டதும் 140 ஆனது, இன்னொருவர் வந்ததும் 190 ஆனது. இப்போதும் தினம் ஐம்பது பேர் காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். பிளேட் சராசரியாக 50 ரூபாய்; அதில் சாமானும் கேஸும் 20 ரூபாய். ஆளுக்குச் சம்பளம் 700 ரூபாய். நகையை அடகு வைத்து 2 லட்சம் வாங்கி, இன்னும் மூன்று பேரைப் போடலாமா? கட்டு பத்துக்கு எட்டடிதான், கல் ஒன்றுதான்.
– வாசகி, கடலூர்

பதில்: மூன்று பேர் வேண்டாம். ஒருவரை மட்டும், அதுவும் முதலில் தினக்கூலிக்கு அமர்த்திப் பாருங்கள். அதற்கான காரணம் நீங்கள் எழுதிய எண்களிலேயே இருக்கிறது. மாஸ்டர் வந்தபோது கூடியது 80 பிளேட். அடுத்தவர் வந்தபோது கூடியது 50 மட்டுமே. மொத்தம் ஏறிக்கொண்டே போவதால் இந்தச் சரிவு கண்ணில் படாமல் போய்விடுகிறது. பொருளியலில் இதைக் குறைந்து செல் விளைவு விதி என்பார்கள். ஒரு சாதனத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு மற்றொன்றை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்குப் பின் ஒவ்வொரு கூடுதலும் முந்தையதைவிடக் குறைவாகத் தரும். 1815இல் மால்தஸ், எட்வர்டு வெஸ்ட், ரிக்கார்டோ ஆகியோர் இங்கிலாந்தின் கோதுமை நிலங்களை வைத்து இதை எழுதினார்கள். அங்கே மாறாமல் இருந்தது நிலம். உங்களிடம் மாறாமல் இருப்பது ஒரு தோசைக்கல்லும் எண்பது சதுர அடி இடமும்.

முதலில் விளைவு கூடியதற்கும் காரணம் உண்டு. தனியாக நின்றபோது மாவு ஊற்றுவது, சட்னி எடுப்பது, பார்சல் கட்டுவது எல்லாம் நீங்களே என்பதால், நீங்கள் வேறு வேலைக்குத் திரும்பிய ஒவ்வொரு முறையும் கல் சும்மா காய்ந்துகொண்டிருந்தது. மாஸ்டர் கல்லை விட்டு நகராமல் நின்றதும் அந்த நேரம் முழுவதும் தோசையாக மாறியது. மூன்றாமவர் வந்தபோது மிச்சமிருந்த காலி நேரமே குறைவு. ஒரு கல்லில் ஒரே நேரத்தில் நாலு தோசை, ஒரு ஈடுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தால், மூன்று மணி நேரத்தில் 60 ஈடு, 240 தோசை. பிளேட்டுக்கு ஒரு தோசை என்று கொண்டால், எத்தனை பேர் நின்றாலும் அந்தக் கல் இதற்கு மேல் தராது. நீங்கள் ஏற்கெனவே 190இல் நிற்கிறீர்கள்.

இனி வருபவை நீங்கள் தந்த எண்கள் அல்ல, நான் கணித்தவை. உங்கள் கடையில் சற்று முன்பின் இருக்கலாம். நாலாமவர் இலை போட்டு, சட்னி சாம்பாரை வாங்கிக் கொடுத்து, மாஸ்டரின் கையை முழுவதும் விடுவித்தால் 215 பிளேட் வரை போகலாம். ஐந்தாமவருக்குச் செய்ய வேலை இருக்காது. 220 வந்தால் பெரிது. ஆறாமவர் வந்தால் நிற்க இடமிருக்காது. கிரைண்டர், ஃபிரிட்ஜ், மேடை போக மிஞ்சுவது ஒருவர் நடக்கும் வழிதான். சாம்பார் வாளியோடு ஒருவர் கடக்கும்போது மாஸ்டர் ஒதுங்க வேண்டும், அந்த நேரத்தில் கல்லில் இருப்பது கருகும், எந்த பார்சல் யாருக்கு என்பதும் குழம்பும். மொத்தம் 205க்கு இறங்கினாலும் வியப்பில்லை. இதில் ஆறாமவரின் கைத்திறனைக் குறை சொல்லக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்; அவரை முதலிலும் உங்கள் பழைய மாஸ்டரைக் கடைசியிலும் வேலைக்கு எடுத்திருந்தாலும் கணக்கு இப்படியேதான் வந்திருக்கும்.

இப்போது பணத்துக்கு வருவோம். ஒரு பிளேட்டில் உங்களுக்கு நிற்பது 30 ரூபாய். நாலாமவர் கொண்டுவரும் 25 பிளேட்டுக்கு 750 ரூபாய். சம்பளம் போக மிச்சம் 50 ரூபாய். ஐந்தாமவர் கொண்டுவருவது 150 ரூபாய், வாங்குவது 700 ரூபாய். நாளுக்கு 550 ரூபாய் நட்டம். ஆறாமவரால் 15 பிளேட் குறைவதையும் அவர் சம்பளத்தையும் சேர்த்தால் 1,150 ரூபாய் போகும். மூவரையும் சேர்த்துப் பார்த்தால், இப்போது நிற்பதிலிருந்து நாளுக்கு 1,650 ரூபாய் குறையும். மாதம் 26 நாள் கடை என்றால் 42,900 ரூபாய். நகைக்கடனுக்கு ஆண்டு வட்டி 12 சதவீதம் என்று வைத்து, மாதம் 2,000 ரூபாயை அதோடு சேர்த்தால், வாங்கிய 2 லட்சத்துக்குச் சமமான தொகை நாலரை மாதத்தில் கரைந்திருக்கும்.

இந்த நட்டம் கல்லாவில் தெரியாது என்பதுதான் சிக்கல். 190 பிளேட்டுக்கு 9,500 ரூபாய் விழுந்த இடத்தில், ஆறு பேரோடு 205 பிளேட்டுக்கு 10,250 ரூபாய் விழும். வியாபாரம் கூடியதாகவே தோன்றும். சராசரியும் அப்படியேதான் ஏமாற்றும். ஐந்து பேர் 220 பிளேட் போட்டால் தலைக்கு 44 பிளேட், அதாவது 1,320 ரூபாய். சம்பளம் 700தானே, ஒவ்வொருவரும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகச் சம்பாதித்துத் தருகிறார்களே என்று தோன்றும். கடன் கேட்டு வருபவர்கள் என்னிடம் பெரும்பாலும் இந்தச் சராசரிக் கணக்கைத்தான் காட்டுகிறார்கள். கேட்க வேண்டியது, கடைசியாக வந்தவரால் எத்தனை பிளேட் கூடியது என்பதை மட்டுமே.

எது பற்றாக்குறை என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். இரவு எட்டு மணிக்குக் கூட்டம் நெருக்கும்போது பத்து நிமிடம் கல்லை மட்டும் பாருங்கள். கையில் மாவுக் கரண்டியோடு மாஸ்டர் கல்லுக்காகக் காத்திருந்தால் கல் போதவில்லை; வெறும் கல் ஆளுக்காகக் காய்ந்துகொண்டிருந்தால் ஆள் போதவில்லை. நாலாமவர் வந்த பிறகு முதலாவதுதான் நடக்கும் என்பது என் கணிப்பு.

அப்போது மாற்ற வேண்டியது அந்த மாறாத சாதனத்தைத்தான். அடுப்போடு இரண்டாவது கல்லுக்கு 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலையை உங்கள் ஊரிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். திரும்பிப் போகிற ஐம்பது பேரும் உட்கார்ந்தால் நாலு பேரோடு 240 பிளேட் போகும். இப்போது இருப்பதைவிட 1,500 ரூபாய் கூடும், சம்பளம் போக 800 ரூபாய் நிற்கும். கல் இல்லாமல் வெறும் நாலாமவரால் கிடைத்த 50 ரூபாயைக் கழித்தால், கல்லுக்கு உரியது நாளுக்கு 750 ரூபாய். 27 நாள் வியாபாரத்தில் அதன் விலை திரும்பிவிடும். அதற்கு மேல் ஐந்தாமவர் அப்போதும் வேண்டாம், ஆனால் அது வாடிக்கையாளர் தீர்ந்துபோவதால். இந்த விதியால் அல்ல. பக்கத்துக் கடையையும் வாடகைக்கு எடுத்து இடம், அடுப்பு, ஆள் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுவது வேறு கணக்கு.

இரண்டாவது கல்லுக்கு இடமே இல்லையென்றால், நாலாமவரை மாலை நாலு மணிக்கே வரச்சொல்லுங்கள். சட்னி அரைப்பது, மசாலா வதக்குவது, வெங்காயம் நறுக்குவது எல்லாம் ஏழு மணிக்கு முன்பே முடிந்துவிட்டால், நெருக்கடி நேரத்தில் கட்டுக்குள் ஒரு ஆள் குறைவாகவே தேவைப்படும். சேர்ப்பதற்கு முன் இரண்டு வாரமும் பின் இரண்டு வாரமும் பிளேட் எண்ணிக்கையைக் குறித்து, வெள்ளியை வெள்ளியோடும் ஞாயிறை ஞாயிறோடும் ஒப்பிடுங்கள். கூடுதல் 24 பிளேட்டை எட்டாவிட்டால் 700 ரூபாய்ச் சம்பளத்துக்கு அவர் கட்டுப்படியாக மாட்டார். நகையைப் பொறுத்தவரை, கல்லுக்கு வேண்டிய 20,000 ரூபாய் கையிருப்பில் இருந்தால் அடகே வேண்டாம். இல்லையென்றால் அந்தத் தொகைக்கு மட்டும் ஒரு சிறு நகையை வைத்து, இரண்டு மாதத்தில் மீட்டுவிடுங்கள்.