ஒன்பதடி தூரத்தில் 8கே எதற்கு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் வீட்டுக்கு 55 அங்குல டிவி வாங்க இருக்கிறோம். 4கே வேண்டுமா, ஃபுல் ஹெச்.டி. போதுமா?
(பாலக்கோடு வாசகர்)

எத்தனை அடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு விடை கேட்பது, காலின் அளவைச் சொல்லாமல் செருப்பு கேட்பதற்குச் சமம். இந்தப் பகுதியில் இதைப் பலமுறை எழுதிவிட்டேன். திரையிலிருந்து உங்கள் கண் இருக்கும் இடம் வரை நாடாவால் அளந்து, அந்த எண்ணைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். சுவருக்குச் சுவர் அளந்த ஹால் நீளம் எனக்குப் பயன்படாது.

பொதுவாகச் சொன்னால், 55 அங்குல ஃபுல் ஹெச்.டி. திரையில் ஏழு அடிக்கு அப்பால் சராசரிக் கண்ணுக்கு பிக்சல் தனித்துத் தெரியாது. கூர்மையான கண்ணுக்கு அந்த எல்லை பத்து, பதினோரு அடி வரை நீளலாம். ஆகவே எட்டு அடியில் உட்காருகிறவருக்கு 4கே ஓரளவு பயன் தரும். அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

65 அங்குலத்தில் 8கே மாடல் ஒன்றைக் கடையில் பார்த்தேன். பக்கத்திலிருந்த 4கே டிவியைவிடப் படம் மிகத் தெளிவாக இருந்தது. வீட்டில் சோபாவிலிருந்து திரை சரியாக ஒன்பது அடி. கூடுதல் பணம் கொடுத்து வாங்கலாமா?
(ஓசூர் வாசகர்)

வாங்க வேண்டாம். தூரத்தை அளந்து எழுதியிருக்கிறீர்கள் என்பதால் காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

65 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 144 செ.மீ. அதில் 4கே என்றால் வரிசைக்கு 3840 பிக்சல்கள் என்பதால், ஒரு பிக்சலின் அகலம் 0.37 மி.மீ. அளவுக்கு வரும். 8கே என்றால் அதில் சரிபாதி, அதாவது 0.19 மி.மீ. இனிக் கண்ணின் கணக்கைப் பார்ப்போம். பார்வைக் கோணத்தின் ஒரு டிகிரிக்குள் 60 பிக்சல்களைப் பிரித்தறிவது நல்ல பார்வை என்பது கண் மருத்துவர்களின் எழுத்துப் பலகையை ஒட்டி நெடுங்காலமாக இருந்துவரும் அளவு. அதன்படி ஒன்பது அடியில் நமக்குப் பிரிந்து தெரியும் மிகச் சிறிய புள்ளி 0.8 மி.மீ. அந்த அளவு குறைவானது என்று வாதிடுவோர் உண்டு. 2025-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று வெளியிட்ட ஆய்வில், கறுப்பு வெள்ளைக் கோடுகளுக்கு அந்த எல்லை சராசரியாக டிகிரிக்கு 94 பிக்சல் வரை சென்றது. அந்தத் தாராளமான அளவையே எடுத்துக்கொண்டாலும் ஒன்பது அடியில் 0.5 மி.மீ.க்குக் கீழே கண்ணுக்கு எட்டாது. உங்கள் 4கே திரையின் பிக்சலே அந்த எல்லைக்குக் கீழே இருக்கும்போது, அதை இன்னும் நான்காக வெட்டுவதால் கண்ணுக்கு வந்து சேருவது எதுவுமில்லை. அதே ஒன்பது அடியில் 8கே பயன்பட வேண்டுமானால் திரை 90 அங்குலத்தைத் தாண்ட வேண்டும்.

என் கணக்கை நம்ப வேண்டாம். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கோடுகள் உள்ள பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை டிவி இருக்கும் இடத்தில் நல்ல வெளிச்சத்தில் நிறுத்துங்கள். கண்ணாடி அணிபவர் அணிந்துகொண்டு பின்னோக்கி நடக்கட்டும். செ.மீ. கோடுகளைப் பார்க்காமல் இடையிலுள்ள மி.மீ. கோடுகளை மட்டும் கவனிக்க வேண்டும். ஓரிடத்தில் அவை ஒன்றோடொன்று கலந்து சாம்பல் பட்டையாகிவிடும். கோடும் இடைவெளியும் சேர்ந்து ஒரு மி.மீ. என்பதால், அந்த இடத்தில் உங்கள் கண்ணின் எல்லை அரை மி.மீ. என்று பொருள். 86 அங்குல 4கே திரையின் பிக்சலும் ஏறத்தாழ அதே அரை மி.மீ. தான். சோபாவிலிருந்து மி.மீ. கோடுகள் பிரிந்து தெரியவில்லை என்றால், 86 அங்குலம் வரை எந்த 4கே டிவியிலும் உங்களால் பிக்சலைக் காண முடியாது. எங்கள் வீட்டில் எனக்குக் கண்ணாடியுடன் ஆறு அடியிலேயே கோடுகள் கலந்துவிட்டன. கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு எட்டு அடி வரை தாங்கின.

அப்படியானால் கடையில் தெரிந்த வேறுபாடு எது? இதுதான் என்னைப் பல ஆண்டுகளாக வருத்தும் விஷயம். நம் ஊர்க் கடைகளில் இரண்டு வரிசை டிவிகளுக்கு நடுவே நிற்க இருக்கும் இடம் மூன்று அடிகூட இராது. அந்த நெருக்கத்தில் 65 அங்குல 4கே திரையின் பிக்சல் உண்மையாகவே கண்ணுக்குத் தெரியும். 8கே திரையில் அதற்கென்றே எடுத்த, மெல்ல அசையும் பூக்களும் பனித்துளிகளும் கொண்ட படம் ஓடுகிறது. பக்கத்துத் திரையில் கேபிள் ஓடுகிறது. போதாததற்கு விலை உயர்ந்த மாடலில் கறுப்பின் ஆழமும் வெளிச்சமும் இயல்பாகவே கூடுதலாக இருப்பதால், அந்த நன்மை முழுவதையும் வாடிக்கையாளர் 8கே என்ற எழுத்தின் கணக்கில் எழுதிக்கொள்கிறார். ஓய்வூதியப் பணத்தில் அப்படி வாங்கிய ஒருவர் வீட்டுக்குப் பொருத்தச் சென்றபோது, பன்னிரண்டு அடி தள்ளிப் போட்டிருந்த கட்டிலைக் கண்டு என்னால் பேச முடியவில்லை.

மறுபடியும் கடைக்குச் செல்லுங்கள். தரையில் இரண்டடி டைல்ஸ் போட்டிருந்தால் நாலரை டைல்ஸ் எண்ணி அங்கே நின்று, இரண்டு டிவியிலும் ஒரே பென் டிரைவிலுள்ள ஒரே வீடியோவைப் போடச் சொல்லிப் பாருங்கள். இடமில்லை என்று கடைக்காரர் சொன்னால், அந்தக் கடையில் ரெசல்யூஷனை ஒப்பிடவும் இடமில்லை என்றே கொள்ளுங்கள். மிச்சமாகும் தொகைக்கு, ஜன்னல் வெளிச்சம் விழும் ஹாலில் மங்காத நல்ல 4கே பேனல் கிடைக்கும். 8கே பேனலில் பிக்சல் சிறுத்துப்போவதால் ஒளி கசிந்து வரும் பரப்பும் குறைகிறது. அதே வெளிச்சத்தைத் தர பின்விளக்கு அதிக மின்சாரம் எடுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

32 அங்குலத்தை மாற்றி 43 அங்குல 4கே வாங்கினோம். கேபிள் படம் முன்பைவிட மோசமாக இருக்கிறது. டிவி பழுதா?
(பென்னாகரம் வாசகர்)

பழுதில்லை. உங்கள் செட்டாப் பாக்ஸ் சாதாரண எஸ்.டி. என்றால் அது தருவது 720 × 576, அதாவது சுமார் நான்கு லட்சம் பிக்சல். திரையில் இருப்பது 83 லட்சம். மீதியை டிவி ஊகித்து நிரப்புகிறது, அந்த ஊகம் பெரிய திரையில் பெரிதாகத் தெரிகிறது. ஹெச்.டி. பாக்ஸுக்கு மாறி, மஞ்சள் சிவப்பு வெள்ளை வயரைக் கழற்றிவிட்டு ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் போடுங்கள்.

கணக்கு எழுதும் வேலைக்கு 27 அங்குல மானிட்டர். அதற்கும் 4கே வீண்தானே?
(கிருஷ்ணகிரி வாசகர்)

இல்லை. டிவிக்குச் சொன்னதை மானிட்டருக்குப் பொருத்தாதீர்கள், தூரமே வேறு. மேசையில் கண்ணுக்கும் திரைக்கும் இரண்டு அடிதான். 27 அங்குல ஃபுல் ஹெச்.டி.யில் பிக்சல் 0.31 மி.மீ.; அது மூன்றரை அடி வரை கண்ணில் படும், தமிழ் எழுத்தின் சுழிகளில் படிக்கட்டு தெரியும். நாள் முழுக்க எழுத்தைப் பார்ப்பவர் 4கே வாங்குவது நியாயமான செலவு.

பள்ளிக் கூடத்தில் 100 அங்குலத் திரைக்கு புரொஜெக்டர். முதல் வரிசை எட்டு அடி, கடைசி வரிசை முப்பது அடி. 4கே வேண்டுமா?
(தேன்கனிக்கோட்டை ஆசிரியர்)

அளந்து எழுதியதற்கு நன்றி. ஃபுல் ஹெச்.டி. என்றால் பதின்மூன்று அடிக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு பிக்சல் தெரியும், அதற்குப் பின்னால் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. முதல் வரிசையைப் பின்னுக்குத் தள்ள முடிந்தால் 4கே தேவையில்லை. முடியாது, 4கேதான் வேண்டும் என்றால், ‘4கே சப்போர்ட்’ என்ற சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். 4கே வீடியோவை ஏற்றுக்கொண்டு ஃபுல் ஹெச்.டி.யாகச் சுருக்கிக் காட்டும் கருவிகளிலும் அந்தச் சொல் ஒட்டியிருக்கும். நேட்டிவ் ரெசல்யூஷன் 3840 × 2160 என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.