புகைக்குழாயில் தெர்மோகப்பிள் குறைத்துக் காட்டுவது ஏன்?

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் அரிசி ஆலையில், உமி உலைப் புகைக்குழாயில் தெர்மோகப்பிள் 327 டிகிரி காட்டுகிறது, சுவர் 227தான். அளவு சரியா? சுற்றிலும் கவசக் குழாய் போட்டால் பயன் உண்டா?

பதில்: அளவு சரியல்ல, வாயு அதைவிடச் சூடு. முனை வாயுவிடம் வாங்கும் வெப்பத்தைக் குளிர்ந்த சுவருக்குக் கதிர்வீச்சாக இழக்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் அளவு நிற்கும்:

h(Tg − Tt) = εσ(Tt⁴ − Tw⁴)

இதில் Tg வாயு, Tt முனை, Tw சுவர் ஆகியவற்றின் வெப்பநிலை; h வாயுவிலிருந்து முனைக்கு வெப்பம் சேரும் வேகத்தைக் குறிக்கும் கெழு; ε பரப்பின் கதிர்வீச்சு உமிழ்திறன்; σ ஸ்டீஃபான்–போல்ட்ஸ்மான் மாறிலி. வெப்பநிலைகளைக் கெல்வினில் போடுங்கள்: முனை 600, சுவர் 500. கறுத்த உறைக்கு ε = 0.8, h = 80 W/m²K என்று கொண்டால் பிழை 38 டிகிரி; வாயு ஏறக்குறைய 365. இதில் h தான் ஊகம். விசிறியைக் குறைத்தால் h குறைந்து பிழை கூடும்.

இரு முனையும் திறந்த, பளபளப்பான மெல்லிய எவர்சில்வர் குழாயை (ε சுமார் 0.3) முனையைத் தொடாமல், வாயு ஓடும் திசையிலேயே பொருத்துங்கள். உள்ளும் புறமும் வாயு பட்டு அது 355 டிகிரிக்கு ஏறும். முனைக்கு இப்போது தெரிவது 227 டிகிரிச் சுவர் அல்ல, இந்தக் குழாய். பிழை சுமார் 4 டிகிரிக்கு இறங்கும், உள்ளே ஓட்டம் தடைபடாத வரை. உமிப் புகையில் கரி படிந்தால் பளபளப்பு போய்ப் பிழை திரும்ப ஏறும். அவ்வப்போது துடையுங்கள். புகைக்குழாய்ச் சுவருக்கு வெளியே கிளாஸ் ஊல் சுற்றினாலும் சுவர் சூடேறிப் பிழை குறையும்.